வெண்புள்ளியின் மேல் டேனிங் லோஷன்: கையிலும் முகத்திலும் திட்டு விழாமல் போடும் முறை

வெயிலில் நிற்காமலே தோலைப் பழுப்பாக்கும் செல்ஃப் டேனிங் லோஷனை வட சென்னையில் வாங்குவதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள்தான் இருக்கும். ஒன்று, ஜிம் பையன்கள் போட்டி மேடை ஏறும்போது தசைக்கோடு தெரிய உடம்பு முழுக்கப் பூசுவது. இன்னொன்று, வெண்புள்ளி உள்ளவர்கள் கையிலோ முகத்திலோ இருக்கும் வெள்ளைத் திட்டைச் சுற்றியுள்ள தோல் நிறத்துக்குக் கொண்டுவரப் பார்ப்பது. மேடைக்குப் பூசுவது ஒருநாள் வேலை, உடன் இருப்பவர்கள் பார்த்துச் சரிசெய்துவிடுவார்கள். வெண்புள்ளிக்குப் போடுபவர் பெரும்பாலும் தனியாக, கண்ணாடி முன்னால், யாரையும் கேட்க முடியாமல் போடுகிறார். தவறும் அங்கேதான் அதிகம் நடக்கிறது. அதனால் இந்தக் கட்டுரை அவருக்காக.

முதலில் ஒரு நிபந்தனை. தோலில் வெளுப்பு தெரிந்தவுடன் அதை மறைக்கக் கிளம்பக் கூடாது. தேமலும் வெளுப்பாகத் தெரியும், தொழுநோயின் தொடக்கமும் வெளிறிய திட்டாக வரும். உணர்ச்சி குறைந்த திட்டு, செதில் உதிரும் திட்டு, புதிதாகப் பரவும் திட்டு எதுவானாலும் ஸ்டான்லி போன்ற அரசு மருத்துவமனையின் தோல் பிரிவில் காட்டி இது வெண்புள்ளிதான் என்று உறுதியான பிறகே நிறம் போட வேண்டும். மருந்தும் ஒளி சிகிச்சையும் அதன் வழியில் நடக்கட்டும். லோஷன் நோயை மாற்றாது, நிறத்தை மட்டும் கொடுக்கும்.

அந்த நிறம் எப்படி வருகிறது என்று தெரிந்தால் மற்ற எல்லாமே புரிந்துவிடும். லோஷனில் வேலை செய்வது டைஹைட்ராக்ஸிஅசிட்டோன், சுருக்கமாக டிஹெச்ஏ. இது மூன்று கார்பன் அணுக்கள் கொண்ட எளிய சர்க்கரை. தோலின் மேற்புறத்தில் உயிரில்லாத, உதிரக் காத்திருக்கும் ஒரு மெல்லிய படலம் இருக்கிறது. அதிலுள்ள புரதத்தின் அமினோ அமிலங்களோடு இந்தச் சர்க்கரை சேர்ந்து பழுப்பாகிறது. கல்லில் தோசை முறுகிச் சிவப்பதும் இதே வகை வினைதான், இங்கே அது சூடில்லாமல் மெதுவாக நடக்கிறது. பூசிய இரண்டு மூன்று மணி நேரத்தில் தொடங்கி, முழு நிறம் தெரிய ஒரு நாளாவது ஆகும்.

இதில் மெலனினுக்கு வேலையே இல்லை. நிறமி செல்கள் இல்லாத வெள்ளைத் திட்டும் அதனால்தான் நிறம் பிடிக்கிறது. 1950களில் அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஈவா விட்கென்ஸ்டைன் ஓர் அரிய வளர்சிதைக் குறைபாடுள்ள குழந்தைகளுக்கு இந்தச் சர்க்கரையை வாய்வழியாகக் கொடுத்துப் பார்த்தார். தோலில் சிந்திய இடம் சில மணி நேரத்தில் பழுப்பாவதையும் துணியில் அந்தக் கறை ஏறாததையும் கவனித்தார். பிறகு ஆய்வாளர்கள் அதையே வெண்புள்ளிகளின் மேல் பூசியும் பார்த்தார்கள். ஆகவே வெண்புள்ளியை மறைப்பது இந்தப் பொருளின் ஆரம்பகாலப் பயன்களில் ஒன்று.

நிறம் இருப்பது உயிரற்ற படலத்தில் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் படலம் தடிப்பாக இருக்கும் இடத்தில் நிறம் அடர்ந்து விழும்: விரல் மூட்டு, முழங்கை, கணுக்கால், எல்லாவற்றுக்கும் மேலாக உள்ளங்கை. மெல்லியதாக இருக்கும் முகத்தில் லேசாக விழும். படலம் உதிர உதிர நிறமும் போகும். கையில் ஐந்து நாள் நிற்பது முகத்தில் மூன்று நாளில் மங்குவதற்குக் காரணம் இதுதான். திட்டுத்திட்டாக நிறம் விழுந்தால் அந்த இடத்தில் படலம் சீராக இல்லை, அல்லது லோஷனுக்கும் படலத்துக்கும் நடுவில் ஏதோ இருந்திருக்கிறது என்று அர்த்தம்.

நடுவில் என்ன இருக்கும்? நம் வீடுகளில் மூன்று விஷயங்கள். முதலாவது தேங்காய் எண்ணெய். தலைக்கு வைத்த எண்ணெய் நெற்றியிலும் காதோரத்திலும் வழிந்திருக்கும், அங்கே நிறம் பிடிக்காது. அடுத்தது மஞ்சள். பூசிக் குளித்த முகத்தில் மஞ்சள் சாயம் மிச்சம் இருக்கும்போது மேலே டிஹெச்ஏ போட்டால் இரண்டும் சேர்ந்து ஒரு மாதிரியான காவி நிறம் வரும். போடுவதற்கு இரண்டு நாள் முன்பே மஞ்சளை நிறுத்திவிடுவது நல்லது. மூன்றாவது சோப்புப் படலம். திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் போர் தண்ணீர் உப்பாக, கடினமாக இருக்கும். அதில் சோப்புப் போட்டுக் கழுவினால் தோலில் ஒரு வழவழப்பான கசடு தங்கிவிடுகிறது, அது காரத்தன்மை உள்ளது. டிஹெச்ஏ லேசான அமிலத்தன்மையுள்ள தோலில்தான் நன்றாக வேலை செய்யும். அதனால் கடைசியாக ஒரு சொம்பு மெட்ரோ வாட்டரிலோ கேன் தண்ணீரிலோ அலசுங்கள். இந்தச் சின்ன வேலை பலருடைய குழப்பத்தைத் தீர்த்திருக்கிறது.

இனி ஓர் உதாரணத்தை எடுத்துக்கொண்டு முழுதாகச் செய்து பார்ப்போம். பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு சேலைக் கடையில் விற்பனைக்கு நிற்கும் பெண். நடுத்தரப் பழுப்பு நிறம். வலது புறங்கையில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு வெள்ளைத் திட்டு, அதே கையில் மூன்று விரல் மூட்டுகளில் சின்னச் சின்னத் திட்டுகள், இடது வாய் ஓரத்தில் விரல் நகம் அளவுக்கு ஒன்று. நாள் முழுக்கச் சேலையை விரித்துக் காட்டும் கை, வாடிக்கையாளர் பார்க்கும் கை. கைக்கு 5 சதவீத டிஹெச்ஏ லோஷனும், முகத்துக்கு க்ரீமில் கலக்கும் டேனிங் டிராப்ஸும் வாங்கி வைத்திருக்கிறார்.

அவர் முதலில் செய்ய வேண்டியது சோதனை. முன்கையின் உட்புறத்தில் ஒரு பொட்டு வைத்து 48 மணி நேரம் அரிப்பு, சிவப்பு வருகிறதா என்று பார்க்க வேண்டும். காலில் யாரும் பார்க்காத வெண்புள்ளி இருந்தால் அதிலும் ஒரு பொட்டு வைத்து மறுநாள் நிறத்தைப் பார்க்கலாம். டிஹெச்ஏ தருவது மஞ்சள் கலந்த பழுப்பு. நம் தோல் பலருக்குச் சற்றுச் சிவப்புக் கலந்தது. நிறம் மஞ்சளடித்தால், டிஹெச்ஏவோடு எரித்ருலோஸ் என்ற இன்னொரு சர்க்கரையும் சேர்ந்த தயாரிப்பை முயலலாம். அது மெதுவாக ஏறும், சற்றுச் சிவப்பாக வரும்.

முதல் முறை போடும் நாளை, மறுநாள் வாரவிடுமுறையாக வரும்படி தேர்ந்தெடுக்க வேண்டும். நேரம், இரவுச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவிய பிறகு. கையால் சாப்பிடும் நமக்கு இதைவிட நல்ல நேரம் இல்லை, ஏனென்றால் போட்ட பிறகு ஆறு முதல் எட்டு மணி நேரம் கையில் தண்ணீர் படக் கூடாது.

தோலைத் தயார் செய்வதில் ஒரு முக்கியமான எச்சரிக்கை. டேனிங் பற்றிய அறிவுரைகளில் எல்லாம் நன்றாகத் தேய்த்து ஸ்க்ரப் செய்யச் சொல்லியிருக்கும். வெண்புள்ளி உள்ளவர் அதைச் செய்யவே கூடாது. உராய்வும் கீறலும் பட்ட இடத்தில் புதிய வெண்புள்ளி கிளம்பும் தன்மை இந்த நோய்க்கு உண்டு. பீர்க்கங்காய் நார், உப்பு, சர்க்கரை, ப்யூமிஸ் கல் எதுவும் வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த பழைய மல் துணியால் மெதுவாக ஒற்றித் துடைத்தால் போதும். உதிர வேண்டியது அதிலேயே உதிர்ந்துவிடும். புருவம் திருத்துவது, மீசைப் பகுதி முடி எடுப்பது எல்லாம் முந்தின நாளே முடிந்திருக்க வேண்டும். அன்றே எடுத்தால் திறந்த மயிர்க்கால்களில் லோஷன் இறங்கிக் கரும்புள்ளிகளாகத் தெரியும்.

குளித்த உடனே போடுவதும் தவறு. சென்னைப் புழுக்கத்தில் குளித்து வந்த உடம்பு அரை மணி நேரம் வியர்த்துக்கொண்டேதான் இருக்கும். வியர்வைத் துளி வழிந்த தடம் மறுநாள் வெளிறிய கோடாக நிற்கும். ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து தோல் தொட்டால் காய்ந்திருக்கும்வரை காத்திருங்கள்.

இப்போது கை. நகங்களிலும் நகத்தைச் சுற்றியும் வாசலின் தடவிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் நகக்கண் முதலில் கறுத்துவிடும். மூட்டுகளின் மேல் சாதாரண மாய்ஸ்சரைசரை மிக மெல்லியதாகத் தடவி ஐந்து நிமிடம் விட வேண்டும். அது தடித்த படலம் லோஷனை அதிகம் உறிஞ்சாமல் தடுக்கும். பிறகு விரல்களைப் பாதி மடக்கி, மூட்டுச் சுருக்கங்கள் விரிந்திருக்கும்படி கையை வைத்துக்கொள்ள வேண்டும். விரல் நீட்டியபடி பூசினால் சுருக்கத்துக்குள் லோஷன் சேர்ந்து, கை மடக்கும்போதெல்லாம் கறுப்புக் கோடுகள் தெரியும்.

புறங்கைத் திட்டுக்கு ஓர் உளுந்து அளவு லோஷன் போதும். விரலால் எடுக்காமல் காது துடைக்கும் பஞ்சுக் குச்சியால் எடுத்து, திட்டின் நடுவில் வைத்து விளிம்பு நோக்கி நகர்த்த வேண்டும். விளிம்புக்கு ஒரு நூல் அளவு உள்ளேயே நிறுத்திவிடுங்கள். இந்த வேலையில் மிக முக்கியமான இடம் இதுதான். வெள்ளைத் திட்டைத் தாண்டி பழுப்புத் தோலில் லோஷன் பட்டால் அதுவும் கறுக்கும். திட்டு மறைந்தாலும் அதைச் சுற்றி ஒரு கரிய வளையம் வந்துவிடும், அது வெள்ளையைவிடக் கண்ணில் படும். தாண்டிப் போனால் உடனே ஈரத் துணி நுனியால் துடைத்துவிட்டால் ஒன்றும் ஆகாது, தாமதித்துத் துடைத்தால் கொஞ்சம் நிறம் விழுந்தே தீரும். விளிம்பு சரியாகத் தெரியாதவர்கள் வெளிப்பக்கத்தில் குச்சியால் மெல்லிய வாசலின் கோடு போட்டுக்கொள்ளலாம். அது வெள்ளைக்குள் வழியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மூட்டுத் திட்டுகளுக்குப் புதிதாக லோஷன் எடுக்க வேண்டாம். குச்சியில் மிச்சம் இருப்பதே போதும். கடைசியாக உள்ளங்கை, விரல் இடுக்கு, மணிக்கட்டு மூன்றையும் ஈரத் துணியால் துடைத்துவிட்டு, ஃபேனுக்குக் கீழே இருபது நிமிடம் கையை எதிலும் படாமல் வைத்திருக்க வேண்டும். கையில் லோஷன் காய்வதற்குள் முகத்தைத் தொடக் கூடாது. அதனால் முகத்தை முதலில் முடித்துவிட்டு, கையைச் சோப்பால் கழுவி நல்ல தண்ணீரில் அலசிக் காயவிட்டுக் கைக்கு வருவதே சரியான வரிசை.

முகத்துக்கு டிராப்ஸ் வசதியானது, காரணம் அடர்த்தியை நாமே குறைக்கலாம். ஆனால் உள்ளங்கையில் க்ரீமை வைத்து அதில் சொட்டுவிட்டுக் குழைப்பதை விட்டுவிடுங்கள். உள்ளங்கை கறுக்கும், சரியாகவும் கலக்காது. கலக்காத சொட்டு முகத்தில் ஒரு பொட்டாக நின்றுவிடும். ஒரு சின்னக் கிண்ணத்திலோ டப்பா மூடியிலோ பட்டாணி அளவு எண்ணெய்ப் பசையில்லாத க்ரீமை எடுத்து, மூன்று சொட்டு விட்டு, குச்சியால் அரை நிமிடம் கலக்க வேண்டும். ஏறக்குறைய இருபது சொட்டு ஒரு மில்லி. டிராப்ஸில் டிஹெச்ஏ 10 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் இந்தக் கலவையில் மூன்று, மூன்றரை சதவீதம் இருக்கும், முகத்தில் தொடங்குவதற்கு அது போதும். சொட்டுக் கணக்கை ஒரு தாளில் எழுதி வையுங்கள். அடுத்த முறை அதே நிறம் வேண்டுமென்றால் அதே கணக்குத் தேவை.

வாய் ஓரத் திட்டில் உதட்டின் மேலே வாசலின் தடவி, குச்சியால் கலவையை ஒற்ற வேண்டும், தேய்க்கக் கூடாது. உதட்டிலும் கண் இமையிலும் டிஹெச்ஏ போடக் கூடாது. அங்கே வெண்புள்ளி இருந்தால் மறைப்பு மேக்கப்தான் வழி. ஸ்ப்ரே வடிவத்தையும் முகத்துக்கு வாங்காதீர்கள், மூச்சில் உள்ளே போகக் கூடாத பொருள் இது. புருவத்துக்குப் பக்கத்தில் திட்டு இருப்பவர்கள் புருவ முடியில் வாசலின் வைத்துக்கொள்ளுங்கள். வெளுத்த முடியும் புரதம்தான், மஞ்சளாகிவிடும். மூக்கு மடிப்பில் தேங்கியதைப் பஞ்சால் எடுத்துவிட வேண்டும்.

படுக்கும்போது இடது கன்னம் தலையணையில் படாமல் இருந்தால் நல்லது. காலையில் வெறும் தண்ணீரில் கழுவுங்கள். லோஷனில் எங்கே போட்டோம் என்று காட்ட ஒரு மேல்சாயம் கலந்திருந்தால் அது முதல் கழுவலிலேயே பழுப்பாகக் கரைந்து ஓடும். பயப்பட வேண்டாம், உண்மையான நிறம் அடியில் இருக்கிறது.

அந்த நிறத்தை 24 மணி நேரம் கழித்து, ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்து முடிவு செய்யுங்கள். ட்யூப்லைட் பொய் சொல்லும். நம் உதாரணத்தில் மூட்டுகள் சரியாக வந்திருக்கும், புறங்கைத் திட்டு இன்னும் வெளிறியிருக்கும். படலத்தின் தடிப்பு அப்படி. அடுத்த இரவு புறங்கைக்கு மட்டும் இன்னொரு முறை, மூட்டுக்கு வேண்டாம். கருமையான தோலுக்கு மூன்றாவது இரவும் தேவைப்படலாம். அதற்கு மேல் அடுக்கினால் பயன் குறைவு. வினைக்குக் கிடைக்கும் புரதம் தீர்ந்துவிட்டதால் நிறம் ஓர் அளவோடு நின்றுவிடும், பிறகு சீராக உதிராமல் சிறுத்தை போலத் தெரிய ஆரம்பிக்கும். மிகக் கருமையான தோலின் நிறத்தை முழுதாக எட்டிப் பிடிப்பது டிஹெச்ஏவால் முடியாது. தூரத்திலிருந்து தெரியாத அளவுக்கு வேறுபாட்டைக் குறைக்கும், அவ்வளவே.

அவர் வேலை சேலைக் கடையில் என்பதால் இன்னொரு விஷயம். பருத்தி புரதம் இல்லை, அதில் ஒட்டுவது பெரும்பாலும் மேல்சாயம்தான், துவைத்தால் போகும். பட்டு புரதம். தோலில் நடக்கும் அதே வினை பட்டு இழையிலும் நடக்கும், அந்தக் கறை போகாது. லோஷன் போட்ட இரவு முடிந்து கையைக் கழுவிக் காய்ந்த பிறகு பட்டைத் தொடுவதில் ஆபத்தில்லை, அதற்கு முன்னால் வேண்டாம்.

வலது கை இடது கையைவிடச் சீக்கிரம் மங்கும். சாப்பிடுவது, கழுவுவது, பாத்திரம் தேய்ப்பது எல்லாம் அதில்தான். பாத்திரம் தேய்க்கும்போது ரப்பர் கையுறை போட்டால் ஓரிரு நாள் கூடுதலாக நிற்கும். கைக்கு மூன்று நாளுக்கு ஒருமுறை, முகத்துக்கு இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை ஒரு மெல்லிய பூச்சு போதும். மாதத்தில் ஒரு வாரம் எதுவும் போடாமல் முழுதும் உதிரவிடுங்கள். அந்த நேரத்தில் திட்டுகளைப் படம் எடுத்து வைத்தால் நோய் பரவுகிறதா, நிறம் திரும்புகிறதா என்று மருத்துவரிடம் காட்டலாம். சிகிச்சையில் வெள்ளைக்குள் பழுப்புப் புள்ளிகளாக நிறம் திரும்பத் தொடங்கியிருந்தால், முழுத் திட்டிலும் லோஷன் பூசும்போது அந்தப் புள்ளிகள் மட்டும் இன்னும் கறுத்து ஒரு புள்ளிக்கோலம் தெரியும். அதைத் தவிர்க்கப் பொறுமையாகக் குச்சி நுனியால் இடைவெளிகளில் மட்டும் வைக்க வேண்டும்.

தவறிக் கறுத்துவிட்டால் எலுமிச்சையும் சோடா உப்பும் வைத்துத் தேய்க்காதீர்கள். புண்ணானால் வெண்புள்ளி பெரிதாகும். தேங்காய் எண்ணெயைத் தடவி அரை மணி நேரம் ஊறவிட்டு, வெதுவெதுப்பான ஈரத் துணியால் ஒற்றி எடுங்கள். மறுநாள் மறுபடியும். ஒரே முறையில் போகாது, இரண்டு மூன்று நாளில் இறங்கிவிடும். நிறமே விழவில்லை என்றால் பாட்டிலைச் சந்தேகியுங்கள். டிஹெச்ஏ சூட்டில் கெட்டுப்போகும். சிமெண்ட் ஷீட் கூரை வீட்டில் அக்னி நட்சத்திரத்தில் அலமாரியில் கிடந்த பாட்டில் உள்ளுக்குள்ளேயே பழுத்து, வாடை மாறி, சக்தி இழந்திருக்கும். சின்ன பாட்டிலாக வாங்கி ஃப்ரிட்ஜ் கதவில் வையுங்கள்.

வெயில் விஷயத்தில் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள். பழுப்பாகத் தெரிந்தாலும் அந்த இடத்தில் மெலனின் இல்லை, வெள்ளைத் திட்டு எவ்வளவு சீக்கிரம் வெயிலில் வேகுமோ கிட்டத்தட்ட அவ்வளவு சீக்கிரம் வேகும். போட்ட முதல் நாள் வெயிலில் நிற்காமல் இருப்பது நல்லது. மற்ற நாட்களில் எஸ்.பி.எஃப். 30க்குக் குறையாத சன்ஸ்க்ரீனைத் தேய்க்காமல் ஒற்றிப் போடுங்கள். ஒளி சிகிச்சைக்குப் போகிறவர்கள் லோஷன் போடுவதை அங்கே சொல்லியே ஆக வேண்டும். இந்தப் பழுப்புப் படலம் புற ஊதாக் கதிரில் ஒரு பகுதியைத் தடுக்கும், திட்டுக்குக் கொடுக்கும் ஒளியின் அளவு குறைந்துவிடும். சிகிச்சை நாட்களைச் சுற்றி எப்போது போடலாம், எப்போது நிறுத்த வேண்டும் என்று மருத்துவர் நாள் குறித்துக் கொடுப்பார்.